வாவிப் பாட்டுக்கு எந்த வடிவம்: கோரஸா, பல்லவியா?

கல்லடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்று ஆண்டு விழாவுக்குப் புதிதாகக் குழுப்பாடல் ஒன்று அமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் மட்டக்களப்பு வாவி. பாடுவோர் பன்னிரண்டு மாணவிகள், கூடவே ஒரு கீபோர்டும் ஒரு டோல்கியும். மேடையில் கிடைப்பது நான்கு நிமிடம். பாட்டை வேர்ஸ், கோரஸ், பிரிட்ஜ் என்று கட்டலாம். சினிமாப் பாட்டுப்போல் பல்லவி, இடையிசை, சரணம் என்று கட்டலாம். கீர்த்தனையாகப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்றும் கட்டலாம். மெட்டுப் போடும் முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும். ஒரு வடிவத்துக்கு எழுதிய வரிகளைப் பிறகு இன்னொன்றுக்குள் திணித்தால் எங்கோ ஓரிடத்தில் பாட்டு நொண்டும்.

அப்படி நொண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தவறான மொழிபெயர்ப்புத்தான். பல்லவி என்றால் கோரஸ், சரணம் என்றால் வேர்ஸ், அனுபல்லவி என்றால் பிரிட்ஜ் என்று பலர் சமன்பாடு போட்டுக்கொள்கிறார்கள். மூன்றும் பிழை. முதலாவதிலாவது ஓரளவு ஒற்றுமை உண்டு, மூன்றாவதில் அதுவும் இல்லை.

இதைப் பார்ப்பதற்கு ஓர் எளிய குறிமுறை போதும். மெட்டுக்கு ஓர் எழுத்து, வரிகளுக்கு ஓர் எண். அதே மெட்டு திரும்பினால் அதே எழுத்து. வரிகளும் அப்படியே திரும்பினால் எண்ணும் அதுவே. மெட்டு மட்டும் திரும்பி வரிகள் புதிதானால் எண் கூடும். நம் ஊர் நாட்டார் கவியை இந்த முறையில் எழுதினால்:

அ1 – அ2 – அ3 – அ4

ஒரே மெட்டில் வரிகள் மட்டும் மாறிக்கொண்டே போகின்றன. வேர்ஸ்-கோரஸ் பாட்டை எழுதினால்:

அ1 – ஆ1 – அ2 – ஆ1 – இ1 – ஆ1

இங்கே 'அ' வேர்ஸ். மெட்டு திரும்புகிறது, கதை முன்னே நகர்கிறது. 'ஆ' கோரஸ். மெட்டும் வரியும் சேர்ந்தே திரும்புகின்றன. 'இ' பிரிட்ஜ். ஒரு முறை வந்து போகிறது, அதன் மெட்டும் திரும்புவதில்லை, வரியும் திரும்புவதில்லை. இனிக் கீர்த்தனை:

அ1 – ஆ1 – அ1 – (இ1 + ஆ2) – அ1

'அ' பல்லவி, 'ஆ' அனுபல்லவி, அடைப்புக்குள் இருப்பது சரணம். பெரும்பாலான கீர்த்தனைகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அனுபல்லவியின் மெட்டு இரண்டாம் முறையும் காதில் விழுகிறது. ஒரே முறை வருவதுதான் பிரிட்ஜின் அடையாளம், மீண்டும் வருவது அனுபல்லவியின் அடையாளம். இந்த ஒன்றே போதும், இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல.

'கோரஸ்' என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நம்மூர்ப் பேச்சில் அது கூட்டமாகப் பாடுவதையும் குறிக்கும். கூத்துக் களரியில் கூத்தர் பாடிய தருவைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடும்போது கூட்டக் குரல் கேட்கிறது, ஆனால் அதனால் அந்தத் தரு கோரஸ் ஆகிவிடாது. யார் பாடுகிறார்கள் என்பது வேறு கேள்வி, பாட்டின் எந்தப் பகுதி என்பது வேறு கேள்வி. பகுப்பாய்வில் இரண்டாவதைத்தான் கேட்கிறோம்.

இந்தக் குறிமுறைக்கு ஓர் எல்லையும் உண்டு. சினிமாப் பாட்டு வழக்கமாக அ1 – ஆ1 – அ1 – ஆ2 – அ1 என்று வரும். கோரஸில் தொடங்கும் மேற்கத்தியப் பாட்டும் தாளில் இதே வரிசையாகத்தான் தெரியும். அப்படியானால் முதலில் வருவது பல்லவியா, கோரஸா? தாளை மூடிவைத்துவிட்டு இரண்டு சோதனை செய்ய வேண்டும்.

முதற் சோதனை இலக்கணம். சரணத்தின் கடைசி வரியைப் பாடி, அங்கேயே நிறுத்துங்கள். வாக்கியம் முடிந்துவிட்டதா, அல்லது காலைத் தூக்கியபடி நிற்கிறதா? கீர்த்தனை வழியில் எழுதிய வாவிப் பாட்டு இப்படி இருக்கலாம்:

பல்லவி
வாவி மகளே வருவாயோ

அனுபல்லவி
மேவிய நிலவொளி நீரினில் ஆட
மீன்கள் பாடிடும் மென்குரல் கேட்க (வாவி)

சரணம்
கூவி மீனவர் தோணிகள் தள்ள
கொண்டல் காற்று கரையினைத் தழுவ
தூவிய வலைகள் நிறைந்திடக் காண
துள்ளும் அலைகள் தாளங்கள் போட (வாவி)

'கேட்க', 'போட' என்று எச்சத்தில் நிற்கும் வரிகளுக்கு வினைமுற்று பல்லவியில்தான் இருக்கிறது. 'தாளங்கள் போட' என்ற இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். 'வருவாயோ' வந்தபின்தான் மூச்சுவிடுவார். பல்லவி என்பது எல்லாப் பகுதிகளின் வாக்கியங்களும் வந்து முடியும் இடம். எதுகையும் அந்த முடிச்சை இறுக்குகிறது. வாவி, மேவிய, கூவி, தூவிய என்று இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது, முதலெழுத்தும் எல்லாவற்றிலும் நெடில். பல்லவி குறிலில் தொடங்கி அனுபல்லவி நெடிலில் தொடங்கினால் இரண்டாம் எழுத்து ஒன்றினாலும் எதுகை காதுக்குச் சரியாக விழாது. புதிதாக எழுதுவோர் அதிகம் தவறும் இடம் இது.

அதே வாவியை வேர்ஸ்-கோரஸாக எழுதினால் வரிகள் வேறு விதமாக நடக்க வேண்டும். முதல் வேர்ஸின் கடைசி இரண்டு வரிகளையும், கோரஸையும், இரண்டாம் வேர்ஸின் கடைசி இரண்டு வரிகளையும் பார்ப்போம்.

விடியும் முன்னே தோணி தள்ளி அப்பா போகிறார்
வெறும் கையோடு திரும்பும் நாளும் சிரித்துக் காட்டுவார்

பாடு மீனே பாடு, இந்த வாவி கேட்கட்டும்
பாடு மீனே பாடு, எங்கள் ஊரே கேட்கட்டும்

அந்தி வேளை அக்கா கரையில் விளக்கை ஏற்றினாள்
ஒற்றைத் தோணி குறையக் கண்டு மீண்டும் எண்ணினாள்

வேர்ஸின் வாக்கியங்கள் தாமாகவே முடிகின்றன. கோரஸும் தனியே நிற்கிறது, தனியே எடுத்துப் பாடினாலும் பொருள் தரும். இலக்கணம் இவற்றை இணைக்கவில்லை, கதை இணைக்கிறது. முதல் முறை வரும் 'பாடு மீனே' விளையாட்டாக இருக்கிறது. தோணி ஒன்று குறைந்தபின் வரும் அதே வரி வேண்டுதலாகிவிடுகிறது. சொல்லும் மெட்டும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. வேர்ஸ்-கோரஸ் வடிவத்தின் முழு வலிமையும் இதில்தான் இருக்கிறது. இரண்டாம் வேர்ஸ் முதல் வேர்ஸ் சொன்னதையே வேறு சொற்களில் சொன்னால் கோரஸ் வெறும் திரும்பல் ஆகிவிடும். மூன்றாம் முறை வரும்போது கேட்பவர் கைத்தொலைபேசியைப் பார்ப்பார்.

இரண்டாம் சோதனை குரலின் ஏற்ற இறக்கம். வேர்ஸ்-கோரஸ் பாட்டில் வேர்ஸ் வழக்கமாகத் தாழ்வாக, பேச்சுக்கு அருகில் நடக்கும். கோரஸ் மேலே ஏறும். அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதியே பாட்டின் உச்சி. கீர்த்தனையில் இது தலைகீழ். பல்லவி பெரும்பாலும் மத்தியஸ்தாயியில் நிலைகொள்கிறது, அனுபல்லவி தாரஸ்தாயி சட்ஜத்தைத் தொட்டு அதற்கு மேலும் போகிறது, பிறகு பல்லவிக்கு இறங்கி வருகிறோம். கோரஸுக்கு ஏறுகிறோம், பல்லவிக்கு வீடு திரும்புகிறோம். இதைக் கவனிக்காமல் கீர்த்தனைப் பல்லவியைக் கோரஸ் என்று எண்ணிக் கூட்டமாக, உரத்து, முழுத் தாள வாத்தியத்துடன் பாடவைத்தால், ஆறுதலாக வந்து அமர வேண்டிய இடத்தில் சத்தம் மட்டும் கூடி நிற்கும்.

இது குரலுக்கும் நேரடியான விஷயம். மாணவிகளின் சுருதி 5 கட்டை என்று வைத்தால், வேர்ஸைச் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலும், கோரஸைப் பஞ்சமத்துக்கும் தாரஸ்தாயி சட்ஜத்துக்கும் இடையிலும் அமைப்பது நல்லது. கோரஸ் நான்கு முறை வரப்போகிறது. அதன் உச்சத்தைத் தாரஸ்தாயி காந்தாரத்தில் வைத்தால், பயிற்சி குறைந்த குரல்கள் மூன்றாம் முறையே சுருதி இறங்கும். கீர்த்தனையில் அந்தக் காந்தாரத்தை அனுபல்லவியிலும் சரணத்தின் பின்பாதியிலும் மட்டுமே தொடுகிறோம் என்பதால் நன்றாகப் பாடும் இருவரிடம் அந்த வரிகளை ஒப்படைத்துவிடலாம்.

இனி நேரம். நிமிடத்துக்கு 96 எண்ணிக்கை, ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை என்று எடுத்தால் ஒரு பார் 2.5 விநாடி. கணக்குப் போடவும் இந்த வேகம் வசதியானது. வேர்ஸ்-கோரஸ் வடிவில் தொடக்க இசை 4 பார், வேர்ஸ் 16, கோரஸ் 8, மீண்டும் வேர்ஸ் 16, கோரஸ் 8, பிரிட்ஜ் 8, கடைசியில் கோரஸ் இருமுறையாக 16, முடிப்பு 4. மொத்தம் 80 பார், அதாவது 3 நிமிடம் 20 விநாடி. சினிமா வடிவில் தொடக்க இசை 8, பல்லவி இருமுறை 16, இடையிசை 12, சரணம் 16, பல்லவி 8, இடையிசை 12, சரணம் 16, பல்லவி 8, முடிப்பு 4. மொத்தம் 100 பார், 4 நிமிடம் 10 விநாடி. பத்து விநாடி மிஞ்சுகிறது. இரண்டு இடையிசையையும் 8 பாராகக் குறைத்தால் 3 நிமிடம் 50 விநாடியில் முடியும். ஆனால் இடையிசையை முழுவதும் வெட்டக்கூடாது. சினிமா வடிவில் பிரிட்ஜ் இல்லாத குறையை இடையிசைதான் நிரப்புகிறது. இரண்டு இடையிசையும் வேறுவேறாக இருக்க வேண்டியதற்கும் அதுவே காரணம். ஒரு கீபோர்டும் ஒரு டோல்கியும் மட்டும் இருக்கும் மேடையில் அந்த இருபது விநாடியை யார் தாங்குவது என்ற கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புல்லாங்குழலோ வயலினோ இல்லாவிட்டால் பன்னிரண்டு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் சபைக்குத் தெரியும்.

கீர்த்தனைக்கு ஆதிதாளம், நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் 6 விநாடி. பல்லவி மூன்று சங்கதியுடன், ஒவ்வொன்றும் இருமுறையாக 6 ஆவர்த்தனம், அனுபல்லவி இருமுறை 4, பல்லவி 2, சரணத்தின் ஒவ்வொரு பாதியும் இருமுறையாக 8, பல்லவி 2. மொத்தம் 22 ஆவர்த்தனம், 2 நிமிடம் 12 விநாடி. குறைவாகத் தெரிந்தாலும் வேலை இதில்தான் அதிகம். சங்கதி என்பது அதே வரியின் மெட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்து வருவது. கோரஸ் மாறாமல் திரும்புவதால் மனதில் பதிகிறது. பல்லவி வளர்ந்து திரும்புவதால் இராகம் விரிகிறது. பன்னிரண்டு பேரும் ஒரே சங்கதியில் ஒரே கமகத்தைப் பிடிக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

இன்னொரு சிக்கல் எடுப்பு. 'வாவி மகளே' சமத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்குகிறது என்றால், தாளம் விழுந்தபின் 0.375 விநாடி பொறுத்துத்தான் குரல் வர வேண்டும். கீபோர்டின் தாளப் பெட்டி முதல் எண்ணிக்கையை உரத்து அடிக்கும். பிள்ளைகள் அதனுடனேயே தொடங்கிவிடுவார்கள், வரி முழுவதும் அரை எண்ணிக்கை முன்னே நகர்ந்துவிடும். முதன்முறை பாடும்போது இது தெரியாது. சரணம் முடிந்து பல்லவியைப் பிடிக்கும் இடத்தில் மோதும்போதுதான் தெரியும். தாளப் பெட்டியை நிறுத்தி, கையால் தாளம் போட்டு, தட்டில் மௌனமாக இருந்து அடுத்த அரையில் 'வா' என்று மட்டும் சொல்லப் பழக்கினால் சரியாகும்.

பிரிட்ஜுக்கு வருவோம், இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேற்கத்திய வெகுசனப் பாட்டில் பிரிட்ஜ் வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் கோர்டுகளால். பாட்டு சட்ஜத்தை வீடாகக் கொண்டிருந்தால் பிரிட்ஜ் மத்தியமத்தின் மேலோ தைவதத்தின் மேலோ கட்டிய கோர்டில் தொடங்கி, பஞ்சமத்தின் கோர்டில் போய் நிற்கும். அங்கிருந்து கோரஸ் வீடு சேரும். இராகத்தில் மெட்டுப் போட்டால் இந்த வழி எப்போதும் திறந்திருக்காது. நம் பாட்டை மோகனத்தில் போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களுக்குள் முழுமையாகக் கிடைப்பவை இரண்டே கோர்டுகள்: ச-க-ப, த-ச-க. மத்தியமக் கோர்டு ம-த-ச, அதில் மோகனத்துக்கு அந்நியமான மத்தியமம் இருக்கிறது. பஞ்சமக் கோர்டு ப-நி-ரி, அதில் நிஷாதம் இருக்கிறது. கீபோர்ட் வாசிப்பவர் பழக்கத்தில் அந்த இரண்டையும் அமுக்கிவிடுவார். பாடும் மெட்டு சுத்தமாக இருந்தாலும் இராகம் சங்கராபரணத்தின் பக்கம் சாய்ந்து கேட்கும். சினிமா வடிவில் அது பிழையில்லை. கீர்த்தனை என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்வது பிழை.

மோகனத்தை விட்டு வெளியேறாமலே பிரிட்ஜ் கட்ட ஒரு வழி இருக்கிறது. தைவதத்தை ஆதாரமாக எண்ணி அதே ஐந்து சுரங்களைப் பாடுங்கள். கிரகபேதத்தில் அது சுத்த தன்யாசி. புதிய சுரம் ஒன்றும் வரவில்லை, ஆனால் வெளிச்சம் குறைந்ததுபோல் நிறம் மாறிவிடும். எட்டு பாரில் முதல் ஆறைத் த-ச-க கோர்டில் வைத்து, கடைசி இரண்டில் பஞ்சமமும் ரிஷபமும் மட்டும் ஒலிக்கவிட்டால் நிஷாதம் இல்லாமலே கோரஸுக்கு வாசல் திறக்கும். டோல்கியை அந்த எட்டு பாருக்கும் நிறுத்திவிடலாம். வரிகள்:

கேட்குது கேட்குது துடுப்பின் ஓசை கிட்ட வருகுது
கிழக்கு வெளுக்கும் வேளை ஒற்றைத் தோணி தெரியுது

தொலைந்த தோணி இங்கேதான் திரும்புகிறது. பிரிட்ஜ் என்றால் கதையின் நிலை மாற வேண்டும். வேர்ஸில் சொல்லக்கூடிய செய்தியையே வேறு மெட்டில் சொன்னால் அது மூன்றாம் வேர்ஸ், பிரிட்ஜ் அல்ல. நீக்கிவிட்டுப் பாடிப் பாருங்கள். கடைசிக் கோரஸின் பொருள் குறையவில்லை என்றால் அது தேவையே இல்லை.

பழைய அமெரிக்கப் பாட்டுகளைப் பற்றிப் படிப்போருக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே 32 பார் வடிவம் ஒன்று உண்டு, நான்கு எட்டுகளாக அ1 – அ2 – ஆ1 – அ3. அதில் மூன்றாவதாக வரும் 'ஆ'வைத்தான் பிரிட்ஜ் என்பார்கள். அந்த 32 பாரையும் சேர்த்தே கோரஸ் என்று அழைத்ததும் உண்டு. இன்று நாம் சொல்லும் கோரஸை அதற்குள் தேடினால் கிடைக்காது.

மேற்கத்திய செவ்வியலில் அளவுகோலே வேறு. சொனாட்டா வடிவில் பகுதியைத் தீர்மானிப்பது சுருதிநிலையின் பயணம். முதற் பகுதியில் இரண்டாம் மெட்டு வேறொரு சுருதிநிலையில் வரும். நடுவில் இரண்டு மெட்டுகளையும் உடைத்து வளர்ப்பார்கள். இறுதியில் அதே இரண்டாம் மெட்டு வீட்டுச் சுருதிக்கு வந்துசேரும். மெட்டு திரும்பினாலும் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. நம் குறிமுறை அதைக் காட்டாது, எழுத்துடன் சுருதியையும் எழுத வேண்டும். கீர்த்தனையிலோ ஆதார சட்ஜம் கடைசிவரை அசைவதில்லை. செவ்வியல் என்று ஒரே பெயரில் இரண்டையும் அழைத்தாலும் வடிவத்தில் இவை ஒன்றுக்கொன்று உறவில்லை.

நம் பாட்டுக்கு எது? வாவியை அழைப்பது, வியப்பது, ஒரே உணர்வில் நிற்பதுதான் நோக்கமென்றால் கீர்த்தனையே பொருத்தம். சரணத்தில் புதிய நிகழ்ச்சி எதுவும் வேண்டியதில்லை, ஒவ்வொரு வரியும் அந்த அழைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினால் போதும். ஆனால் அதற்குச் சங்கீதம் பயின்ற குரல்களும் நீண்ட ஒத்திகையும் வேண்டும். வரிகள் அழைப்பாக இருந்து, நல்ல குழலிசையும் இருந்தால் சினிமா வடிவம் கைகொடுக்கும். இங்கே கையில் இருப்பவை பன்னிரண்டு குரல்கள், ஒரு கீபோர்ட், ஒரு டோல்கி, தோணி தொலைந்து திரும்பும் ஒரு கதை. சபையும் கடைசியில் சேர்ந்து பாட வேண்டும். நாங்கள் வேர்ஸ்-கோரஸையே தெரிவோம்.

தெரிந்தபின் வரிகளில் ஒன்றைத் திருத்த வேண்டும். வேர்ஸின் எந்த வரியாவது 'கேட்க', 'போட' என்று எச்சத்தில் முடிந்து, அடுத்து வரும் கோரஸ் 'பாடு மீனே' என்று தொடங்கினால், 'அலைகள் தாளங்கள் போட, பாடு மீனே' என்று இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதல் முறை அது அழகாகவே கேட்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் கோரஸ் தனியே வரும்போது தலையறுந்ததுபோல் நிற்கும். ஆகவே வேர்ஸின் கடைசி வரிகளை வினைமுற்றில் முடித்து, அரை பார் மௌனம் விட்டு, பன்னிரண்டு பேரும் ஒன்றாக மூச்செடுத்துக் கோரஸுக்குள் இறங்குவதே இந்தப் பாட்டுக்குச் சரி.